ஒரு மடக்குத் தண்ணீர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வீடு. 72 வயதுப் பெரியவர், மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்து, சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல, பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறேன். மூக்கில் போட்டிருந்த குழாயை அனுப்பும் முன்பே எடுத்துவிட்டார்கள். "கெட்டியா, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். காலையில் இட்லியைப் பிசைந்து ஊட்டினார்கள். இறங்கியது. பிறகு சொம்பில் தண்ணீர். வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கம். கை நடுங்குகிறதே என்று மருமகளே ஊற்றினார். இரண்டாவது மடக்கில் புரையேறிவிட்டது. முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது. "யாரோ நெனைக்கிறாங்க" என்று மனைவி உச்சந்தலையில் தட்டினார். இருமல் அடங்கியதும், "இன்னும் கொஞ்சம் குடிங்க மாமா, தொண்டை சரியாயிடும்" என்று மருமகள் இன்னொரு மடக்கு ஊற்றினார்.

இட்லி இறங்கியவருக்குத் தண்ணீர் ஏன் இறங்கவில்லை? உடம்பு முடியாதவருக்கு நீராகாரம்தான் லேசு என்பது பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் நம்புவது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது சரி. பக்கவாதம் வந்த தொண்டைக்குப் பெரும்பாலும் தலைகீழ். அந்தத் தொண்டை சமாளிக்க மிகவும் திணறும் பொருள் வெறும் தண்ணீர்தான்.

காரணம் வேகம். நாம் விழுங்கும்போது நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது. மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குப் பாதையை மூடுகிறது. கழுத்தின் முன்பக்கம் துருத்தி நிற்கும் குரல்வளை மேலேயும் முன்னேயும் ஏறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, அவற்றின் மேல் குரல்வளை மூடி சாய்கிறது. அந்த நேரத்துக்கு மூச்சு நிற்கிறது. அதே சமயம் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இத்தனையும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திறப்பது, எந்தப் பக்கம் அடைப்பது என்பதை மூளை நொடிக்குள் தீர்மானித்தாக வேண்டும். பக்கவாதத்தில் பெரும்பாலும் இந்த வரிசை தாமதமாகிறது. தொண்டை மூடத் தொடங்கும் முன்பே தண்ணீர் நாக்கின் பின்பக்கம் வழுக்கிக் கீழே போய்விடுகிறது. அங்கே மூச்சுக்குழாயின் வாசல் இன்னும் திறந்திருக்கிறது. பிசைந்த இட்லி ஒரு திரளாக நாக்கின் மேல் உட்கார்ந்து, நாக்கு தள்ளும்வரை காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்காது.

ஒரே மாதிரி கை கால் விழுந்த இருவரில் ஒருவர் நன்றாகச் சாப்பிடுவதும் மற்றவர் தினமும் புரையேறித் தவிப்பதும் மருத்துவர்களுக்கே நெடுநாள் புதிராக இருந்தது. 1990-களில் இங்கிலாந்தில் ஷாஹீன் ஹம்தியும் அவரது சகாக்களும் மண்டையோட்டின் மேல் காந்தத் துடிப்பு கொடுத்து, தொண்டைத் தசை எந்தப் பக்க மூளைக்கு அதிகம் பதில் சொல்கிறது என்று பார்த்தார்கள். விழுங்குவதற்கு மூளையின் இருபக்கமும் இடம் ஒதுக்கியிருந்தன, ஆனால் சமமாக அல்ல. ஒருபக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. எது பெரிது என்பதற்கும் வலக்கை, இடக்கைப் பழக்கத்துக்கும் தொடர்பில்லை. அடைப்பு பெரிய பக்கத்தில் விழுந்தால் விழுங்கல் கெடுகிறது, சிறிய பக்கத்தில் விழுந்தால் தப்பிக்கிறது. மீண்டு வருபவர்களிடம் அடிபடாத பக்கத்தின் இடம் மெல்ல விரிவதையும் அவர்கள் பார்த்தார்கள். நம் பெரியவருக்கு நம்பிக்கை தருவது இந்தப் பின்பகுதிதான். 1997-ல் இங்கிலாந்திலேயே வெளியான ஓர் ஆய்வில் 121 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். சேர்ந்த அன்று பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஆபத்து இருந்தது. ஒரு வாரத்தில் அது கால்வாசியாகக் குறைந்தது. ஆகவே கெட்டியாக்கிக் கொடுப்பது பலருக்கு அந்த இடைக்காலத்தைத் தாண்ட ஓர் ஏற்பாடு.

அன்று காலை பெரியவருக்கு இருமல் வந்தது நல்லதே. நுழைந்ததை வெளியே தள்ள உடம்பு முயல்கிறது என்று அர்த்தம். அஞ்ச வேண்டியது இருமல் வராத புரையேற்றம். பக்கவாதத்தில் குரல்வளையின் உணர்வும் மரத்துப்போகலாம், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் முகத்தில் சலனமே இருக்காது. "அப்பா நல்லா குடிக்கறார், இருமறதே இல்லை" என்று வீட்டார் சொன்னால் அதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. வேறு தடயங்களைத் தேட வேண்டும். குடித்து முடித்ததும் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டைக்குள் நீர் கொப்பளிப்பது போல ஈரமான, கரகரத்த குரல் வந்தால் குரல்நாண்களின் மேல் ஏதோ தங்கியிருக்கிறது. சாப்பாட்டின் நடுவில் மூச்சு வேகமாவது, ஒவ்வொரு வேளையும் அரைமணியைத் தாண்டி இழுப்பது, பிடித்த உணவையும் ஒதுக்குவது, காரணம் தெரியாத காய்ச்சல் மாலையில் வந்து போவது ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்கின்றன. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்-ரேயில் ஓடும் படமாகப் பார்க்க வேண்டும், அல்லது மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியே விட்டுத் தொண்டையை நேரில் பார்க்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில்தான் இவை நடக்கும். விழுங்கும் பயிற்சியைக் கவனிப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சுக்கும் விழுங்கலுக்கும் ஒரே தசைகள் என்பதால் இரண்டும் அவர் கையில் இருக்கின்றன. இது தெரியாததால், பேச்சு நன்றாக இருக்கும் நோயாளியை அவரிடம் அழைத்துப்போக யாருக்கும் தோன்றுவதில்லை.

மருத்துவமனைகளில் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்க்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. அதை வீட்டில் செய்ய வேண்டாம். சந்தேகம் உள்ளவருக்கு அது சோதனை அல்ல, விபத்து.

இனி "கெட்டியா குடுங்க" என்ற வார்த்தைக்கு வருவோம். எவ்வளவு கெட்டி? கஞ்சிப் பதம், தோசைமாவுப் பதம் என்று சொன்னால் வீட்டுக்கு வீடு மாறும். ஆங்கில மருத்துவத்திலும் பல ஆண்டுகள் பழச்சாறு போல, தேன் போல என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஊருக்கு ஊர் வேறு தேன். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல் வந்த பிறகு இந்தக் குழப்பத்துக்கு ஒரு மலிவான தீர்வு கிடைத்தது. அதற்கு வேண்டியது மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. ஊசி வேண்டாம். உள்ளே தள்ளும் பிஸ்டனை உருவிவிட்டு, கீழ்முனையை விரலால் அடைத்து, பானத்தை 10 மி.லி. கோடு வரை ஊற்றுங்கள். விரலை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்து 10 நொடி விட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே மிச்சம் 1 மி.லி.க்கும் குறைவு என்றால் அது சாதாரண நீர், நிலை 0. ஒன்றிலிருந்து 4 மி.லி. வரை மிச்சம் இருந்தால் நிலை 1, நான்கிலிருந்து 8 வரை நிலை 2, எட்டுக்கு மேல் இருந்தும் கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3. ஒழுகவே இல்லையென்றால் நிலை 4. அதைக் குடிக்க முடியாது, ஸ்பூனில்தான் சாப்பிட முடியும். ஒரு எச்சரிக்கை: எல்லா 10 மி.லி. சிரிஞ்சும் ஒரே நீளம் அல்ல. பூஜ்யக் கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேலில் அளந்தால் 61.5 மி.மீ. இருக்க வேண்டும். குட்டையாகவும் அகலமாகவும் உள்ள சிரிஞ்சில் கணக்கு தப்பிவிடும்.

நம் பெரியவருக்கு மருத்துவர் நிலை 2 சொன்னார் என்று கொள்வோம். கெட்டியாக்கும் பொடிகள் இரண்டு வகை. ஒன்று மாற்றியமைத்த மக்காச்சோள மாவு. மற்றது சாந்தன் கம் என்ற பிசின். திருவண்ணாமலை போன்ற ஊரில் கேட்டதும் கிடைக்கும் சரக்கு அல்ல, பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும், மலிவும் அல்ல. எனவே பெரும்பாலான வீடுகளில் மருமகள் கைவைப்பது கேழ்வரகு மாவிலோ அரிசி நொய்யிலோ ஆரோரூட்டிலோதான். அதில் தவறில்லை. ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து சிரிஞ்சில் பார்க்கலாம். மிச்சம் 3 மி.லி. என்றால் இன்னும் அரை டீஸ்பூன் மாவு வேண்டும். 9 என்றால் வெந்நீர் விட்டு இளக்க வேண்டும். மாவுக்கு மாவு பதம் மாறும் என்பதால் இரண்டு டீஸ்பூன் தொடக்கம்தான், தீர்ப்பு சிரிஞ்ச் சொல்வது. வடிகட்டாமல் கொடுக்கும் கஞ்சியில் திப்பி நின்றால், நீரும் கட்டியும் சேர்ந்த கலவையாகிவிடும்.

இந்தக் கலவைதான் நம் சமையலின் பெரிய கண்ணி. ரசம் சாதத்தை நினைத்துப் பாருங்கள். பருக்கையை மெல்ல நாக்கு முனையும்போது ரசம் முன்கூட்டியே தொண்டைக்குள் ஓடிவிடும். ஒரே வாயில் இரண்டு வேகம். சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிரெட், தண்ணீர் விட்ட பழையது எல்லாம் இதே ரகம். ஒரே பதமாகக் குழைத்த தயிர் சாதமோ, பருப்பும் நெய்யும் விட்டு மசித்த சாதமோ இவற்றைவிடப் பாதுகாப்பு. ஐஸ்கிரீமும் தர்பூசணியும் வாய்க்குள் போனதும் நீராகிவிடும், பார்க்கக் கெட்டி என்பதை நம்பக் கூடாது. இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு பழக்கத்தைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களியை உருட்டி, மெல்லாமல் விழுங்குவது. தொண்டை நலமாக இருந்தபோது பெரியவர் அப்படித்தான் சாப்பிட்டிருப்பார். இப்போது ஒட்டும் அந்த உருண்டை மூச்சுக்குழாய் வாசலையே அடைத்துவிடும். மல்லாட்டையும் பொரியும் முறுக்கும் சொல்லவே வேண்டாம்.

மாவுக்கஞ்சிக்கு இன்னொரு குணம் உண்டு. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. ஊட்டிய ஸ்பூனை அப்படியே கிண்ணத்தில் மறுபடி தோய்த்தால், அதோடு போகும் எச்சில் கிண்ணத்தில் இருப்பதையும் இளக்கத் தொடங்கும். காலையில் சரியாக இருந்த கஞ்சி பாதி ஊட்டும்போதே தண்ணீராகிப்போவது இதனால்தான். பானத்தைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுவதும், மீதத்தைத் தனியாக மூடி வைப்பதும் தீர்வு. எச்சில் படக் கூடாது என்ற நம் வீட்டுக் கண்டிப்பு இந்த ஒரு விஷயத்தில் வேதியியலோடு ஒத்துப்போகிறது. சாந்தன் பிசினை அமைலேஸ் தொடாது. அதனால்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை மாவு வகைக் கெட்டியாக்கியுடன் சேர்த்தால் அது நீராக இளகிவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கவாத நோயாளிகள் பலருக்கு மலச்சிக்கல் மருந்தும் எழுதப்படுகிறது.

கெட்டியாக்குவது வேலை செய்கிறது என்று எக்ஸ்-ரேயில் கண்ணால் பார்க்கலாம். ஆனால் படத்தில் புரையேற்றம் குறைவதும், மாதக்கணக்கில் நிமோனியா குறைவதும் ஒன்றல்ல. 2008-ல் ஜோஆன் ராபின்ஸ் தலைமையில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 515 முதியவர்களை மூன்று மாதம் தொடர்ந்தார்கள். அவர்கள் மறதி நோயோ பார்கின்சனோ உள்ளவர்கள், பக்கவாதக்காரர்கள் அல்ல, ஆனாலும் எண்கள் யோசிக்க வைப்பவை. சாதாரண பானத்தைத் தாடையைக் குனிந்து குடித்தவர்களில் நிமோனியா வந்தது சுமார் 10 சதவீதம். கெட்டிப் பானம் குடித்தவர்களில் சுமார் 12 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம். உடலில் நீர் வற்றிப்போனது கெட்டிப் பானக்காரர்களில் 6 சதவீதம், மற்றவர்களில் 2. கெட்டி நல்லது என்றால் இன்னும் கெட்டி இன்னும் நல்லது என்று நினைக்கும் வீடுகளுக்கு இது பதில். தேவைக்கு மேல் கெட்டியானால் பலமில்லாத தொண்டை அதை முழுதாகத் தள்ள முடியாமல் இடுக்குகளில் தேக்கிக்கொள்ளும். தேங்கியது பிறகு மெல்ல மூச்சுக்குழாய்க்குள் வழியும்.

நீர் வற்றுவதன் கணக்கு இப்படி. பெரியவருக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் (இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு மாறும்), டீஸ்பூன் ஒன்றுக்கு 5 மி.லி. என 300 ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் விழுங்கக் காத்திருந்து 25 நொடி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதைச் செய்பவர் ஒரே ஒரு மருமகள், அடுப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அவர் தலையில்தான். "மாமாவுக்கு இன்னைக்குத் தாகமே இல்ல" என்று வேலை முடிந்துவிடும். ஆகவே அளவு ஜாடி ஒன்றில் காலையிலேயே நாளின் பங்கைக் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மாலையில் மிச்சத்தைப் பார்ப்பது நல்ல உத்தி. எடுத்த பானத்தைக் கொடுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து சிரிஞ்சில் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் மாவுப் பானம் குளிரில் இறுகும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ நாக்கு காய்ந்திருந்தாலோ ஜாடியில் நிறைய மிச்சமிருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம்.

ராபின்ஸின் ஆய்வில் தாடையைக் குனிந்தவர்கள் கெட்டிப் பானம் குடித்தவர்களுக்குச் சமமாக வந்தார்கள் என்பதை இன்னொரு முறை யோசிக்க வேண்டும். உட்காரும் விதமும் தலையின் கோணமும் காசில்லாத மருந்து. அண்ணாந்தால் என்ன ஆகிறது என்றால், தொண்டை நேராக நீண்டு, பானம் புவியீர்ப்பில் நேரே கீழே விழுகிறது. குரல்வளை மேலேறி ஒதுங்குவதும் கடினமாகிறது. ஏற்கெனவே தாமதமாக மூடும் வாசலுக்கு அது மிக மோசமான கோணம். நின்றபடி ஊட்டுபவரும் தெரியாமல் இதையே செய்யவைக்கிறார், நோயாளி ஸ்பூனைப் பார்க்கத் தலையைத் தூக்குகிறார். ஊட்டுபவர் எதிரே உட்கார்ந்து, தன் கண் அவர் கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்கும்படி அமர வேண்டும். ஸ்பூன் கீழிருந்து வர வேண்டும். டம்ளர் வேண்டுமென்றால் விளிம்பு அகலமானது நல்லது. காகிதக் கப்பின் ஒருபக்க விளிம்பில் மூக்கு நுழைய அரைவட்டமாக வெட்டி, வெட்டாத பக்கத்தில் வாய்வைத்தால், தலையைப் பின்னால் சாய்க்காமலே கடைசி மடக்கு வரை சப்பிக் குடிக்கலாம். சப்பிக் குடிப்பது இவருக்கு இதுவரை இல்லாத பழக்கம். அதைப் பழக்கிக்கொள்ளச் சில நாள் பிடிக்கும், அதற்குள் சலித்துக்கொள்வார்.

எங்கே உட்காருவது என்பதும் பெரிய விஷயம். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும், இடுப்பு வழுக்கி முதுகு வளையும், தலை நிமிர்வதற்காகக் கழுத்து பின்னால் வளையும். தரையில் சம்மணம் போட்டால் செயலிழந்த இடது பக்கம் சரியும். கைப்பிடி உள்ள நாற்காலிதான் நல்லது. பின்பக்கத்தை நாற்காலியின் முதுகோடு ஒட்டி உட்காரவைத்து, இடுப்பு 90 பாகையில், பாதம் இரண்டும் தரையிலோ பலகையிலோ பதிய வைக்க வேண்டும். இடது விலாவுக்கும் நாற்காலிக் கைக்கும் நடுவே சின்னத் தலையணை ஒன்று சரிவைத் தடுக்கும். படுக்கையை விட்டு எழுப்ப முடியாத நிலையென்றால் இடுப்பு மடியும்படி தலைப்பக்கத்தை முடிந்தவரை நிமிர்த்த வேண்டும். கழுத்துக்கு மட்டும் தலையணை அடுக்கினால் தலைதான் முன்னே தள்ளும், உடம்பு படுத்தே இருக்கும். மல்லாக்கப் படுத்தவர் வாயில் சங்கில் பாலோ கஞ்சியோ ஊற்றுவதைப்போல ஆபத்தானது வேறில்லை. வயதானவர்களைக் குழந்தை மாதிரி நினைத்து அன்பாகச் செய்வார்கள், அதனால்தான் தடுக்கவும் கஷ்டம்.

விழுங்கும் நேரத்தில் தாடையை மெல்ல மார்பை நோக்கிக் குனிவது பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. தொண்டையின் அடியில் நிறையத் தேங்குபவருக்குக் குனிந்தால் தேங்கியது மூச்சுக்குழாய் பக்கம் வழிய வாய்ப்புண்டு. செயலிழந்த பக்கம் முகத்தைத் திருப்பி விழுங்கினால் பலமுள்ள பக்கம் வழியாகவே உணவு போகும் என்பதும் ஒரு முறை. நம் பெரியவருக்கு அது இடப்பக்கம். இரண்டையும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு செய்வதே சரி. யாரும் பார்க்காத நிலையில் பாதுகாப்பானது நேராக உட்கார்ந்து, தலை நடுவில், அண்ணாக்காமல் இருப்பது.

வலது மூளையில் அடிபட்டவர்களில் பலருக்கு வேறொரு சிக்கல் உண்டு. உலகின் இடப்பாதி அவர்கள் கவனத்தில் பதியாது. தட்டின் இடப்பக்கம் இருக்கும் உணவு அப்படியே கிடக்கும். இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருப்பதும் தெரியாது. அவசரமும் கூடும், முதல் வாய் இறங்கும் முன் அடுத்ததைக் கேட்பார்கள். எனவே ஸ்பூனை நாக்கின் வலப்பக்கத்தில் வைப்பது, அரை ஸ்பூனுக்கு மேல் எடுக்காதது, குரல்வளை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுப்பது என்று நிதானம் ஊட்டுபவரிடம் இருக்க வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். "என்ன மாமா, உப்பு சரியா இருக்கா?" என்று வாயில் உணவு இருக்கும்போது கேட்டால் பதில் சொல்ல மூச்சு இழுப்பார். தூங்கி வழியும் நேரத்தில் ஊட்டவே கூடாது. முடிந்த பிறகு அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், உணவு வயிற்றிலிருந்து மேலேறுவதைத் தடுக்க. சாப்பிட்டதும் சாய்த்துப் படுக்கவைப்பது மரியாதை என்று பட்டாலும்.

இவ்வளவும் செய்தும் சிறிதளவு உள்ளே போகத்தான் செய்யும். அது நிமோனியாவாக மாறுமா என்பதைத் தீர்மானிப்பதில் வாயின் சுத்தத்துக்கு நாம் நினைப்பதைவிடப் பங்கு அதிகம். 1998-ல் அமெரிக்காவின் சூசன் லாங்மோர் முதியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, விழுங்கல் கெடுதலோடு சேர்த்து, பிறர் ஊட்டினால்தான் சாப்பிட முடிவது, பிறர்தான் பல் துலக்கிவிட வேண்டியிருப்பது, சொத்தைப் பல் ஆகியவை நிமோனியாவுடன் வலுவாகச் சேர்ந்திருந்தன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் யோனேயாமாவின் குழு ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்கிவிட்டு இரண்டு ஆண்டு பார்த்தது. துலக்கியவர்களில் நிமோனியா 11 சதவீதம், துலக்காதவர்களில் 19. 2002-ல் இது வெளியானது. நம் வீட்டில் செய்ய வேண்டியது, காலை மட்டுமல்லாமல் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும், பல்செட் இருந்தால் கழற்றி, ஈரப்படுத்திப் பிழிந்த மென்மையான பிரஷால் பல்லையும் நாக்கையும் தேய்த்து, சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி இடது கன்னத்தின் உள்ளே துடைத்தெடுப்பது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதுவும் ஒரு மடக்குத் தண்ணீர்தான். வெற்றிலைப் பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் காலத்தில் அதை விட வேண்டும். பாக்குத் துணுக்கு கன்னத்தில் தங்கிக் காத்திருக்கும்.

மாத்திரைகளில் பல பொடித்துக் கஞ்சியில் கலக்கத் தகுந்தவை, சில அல்ல. வயிற்றைத் தாண்டிக் கரையும்படி மேற்பூச்சு போட்டதையும், மெல்ல மெல்ல மருந்தை விடும் வகையையும் நசுக்கினால் மருந்தே மாறிவிடும். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டி எது எது நசுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பது அரைமணி வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் இதையும் உட்காரும் விதத்தையும் கேட்கலாம்.

ஊட்டும்போது திடீரென மூச்சு அடைத்து, சத்தமே வராமல், உதடு கருத்தால் தலையில் தட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் நேரத்தைக் கொல்லும். முன்னால் குனியவைத்து தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கைகோத்து ஐந்து அழுத்தம், அப்படியே மாறி மாறி, இன்னொருவர் 108 அழைக்க வேண்டும். நிதானமான ஆபத்து இதைவிட அடிக்கடி வரும். மூச்சு நிமிடத்துக்கு இருபத்தைந்தைத் தாண்டுவது, நெஞ்சில் கரகரப்பு, காய்ச்சல், வழக்கத்தைவிட மயக்கம். அன்றே மருத்துவமனை.

வாரங்கள் போகப் போக பெரும்பாலானவர்களுக்கு நிலை 2-இலிருந்து 1-க்கும், பிறகு சாதாரணத் தண்ணீருக்கும் இறங்க வாய்ப்பு வரும். அதை மருத்துவமனையில் சோதித்துத்தான் இறக்க வேண்டும், "இப்ப நல்லாத்தானே இருக்கார்" என்று அல்ல. சிலருக்கு வராது. மூன்று நான்கு வாரம் கழித்தும் வாயால் போதுமானது போகவில்லை என்றால் வயிற்றில் நேரே குழாய் வைக்கும் பேச்சு எழும். ஃபுட் என்ற பெயரில் 2005-ல் வெளியான சர்வதேச ஆய்வு, பக்கவாதத்தின் தொடக்க வாரங்களில் வயிற்றுக் குழாயைவிட மூக்குக் குழாயே மேல் என்று காட்டியது. அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. எந்தக் குழாயானாலும் உணவின் பாதை மட்டுமே மாறுகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் ஊறும் உமிழ்நீர் அதே தொண்டை வழியாகத்தான் இறங்குகிறது, வயிற்றுக்குள் போன உணவும் மேலேறி வரலாம். அதனால் குழாய் வழி கொடுக்கும்போதும், கொடுத்து ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். வாய் வழியே ஒன்றும் போவதில்லை என்று இந்தக் கட்டத்தில் பல் துலக்குவதை நிறுத்திவிடும் வீடுகள்தான் அதிகம். மெல்லாத வாயில்தான் அழுக்கு சீக்கிரம் படியும்.